பத்திரத்தில் 1815, கயிறு பிடித்தால் 1755: கடலூர் காலி மனைக்கு விலை சொல்வதும் விளம்பரம் எழுதுவதும் எப்படி?

கெடிலக்கரை
வணக்கம். அம்மா பெயரில் கூத்தப்பாக்கம் பக்கம் ஒரு காலி மனை இருக்கிறது. 2009-ல் பதிவு செய்த கிரயப் பத்திரம். விற்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். புரோக்கர் கேட்டதும் "வடக்குப் பார்த்த மனை, 1815 சதுரடி, சதுரடி 1500" என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். போன வாரம் நானே டேப் வைத்து அளந்தேன், கணக்கு ஒத்துவரவில்லை.

பத்திரத்தில் இருப்பது: வடபுறம் கிழமேல் 36 அடி, தென்புறம் கிழமேல் 24 அடி, மேல்புறம் தென்வடல் 60 அடி, கீழ்புறம் தென்வடல் 61 அடி, ஆக 1815 சதுரடி. வடக்கே 24 அடி ரோடு.

தரையில் நான் அளந்தது: வடபுறம் 34½, தென்புறம் 24, மேல்புறம் 60, கீழ்புறம் 60 அடி 11 அங்குலம். கிழக்குப் பக்கத்து வீட்டில் காம்பவுண்டு சுவர் கட்டியிருக்கிறார்கள். மற்ற மூன்று பக்கமும் திறந்த வெளி.

விளம்பரத்தில் எந்த அளவைப் போடுவது? 1500 என்ற விலை சரியா? பக்கத்துத் தெருவில் 30-க்கு 60 நேர் மனை ஒன்று அந்த விலைக்குத்தான் போனதாகச் சொல்கிறார்கள்.

செம்மண்டலம் குமார்
மேடம், பத்திரத்துல என்ன இருக்கோ அதப் போடுங்க. 1815-ன்னு ரிஜிஸ்டர் ஆபீஸ்லயே பதிவாகியிருக்கு. வாங்குறவர் அளந்து பாத்துட்டு வந்து பேசட்டும், அப்ப ஒரு 50 குறைச்சுக்கலாம். நாமளே குறைச்சு சொன்னா அதுலயும் குறைச்சுத்தான் கேப்பாங்க.

அளவுநாடா
அதை மட்டும் செய்யாதீர்கள். அட்வான்ஸ் கொடுத்த பிறகு ஆள் அளந்து பார்த்து 60 சதுரடி குறைகிறது என்று கண்டால், அவர் குறைக்கச் சொல்வது 60 சதுரடிக்கான பணத்தை மட்டும் அல்ல. இவர்கள் வேறு எதை மறைத்தார்களோ என்று முழு விலையையும் உடைப்பார். அதோடு ஒப்பந்தத்தில் அளவு எழுதிக் கையெழுத்தும் ஆகியிருந்தால் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்க அவருக்கு வழி இருக்கிறது.

முதலில் 1815 எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 36-ஐயும் 24-ஐயும் கூட்டிப் பாதி 30. 60-ஐயும் 61-ஐயும் கூட்டிப் பாதி 60½. இரண்டையும் பெருக்கினால் 1815. பத்திரம் எழுதுபவர்கள் காலங்காலமாகப் போடும் கணக்கு இது. எதிரெதிர்ப் பக்கம் இரண்டும் சமமாக, மூலையும் மட்டமாக இருந்தால்தான் இது சரியாக வரும். கோணல் மனையில் எப்போதும் கொஞ்சம் கூட்டியே காட்டும்.

உங்கள் மனை மேற்குப் பக்கம் மட்டமாகவும் கிழக்குப் பக்கம் சாய்வாகவும் இருப்பது போலத் தெரிகிறது. அப்படியானால் 30-ஐ 60-ஆல் பெருக்க வேண்டும், 60½-ஆல் அல்ல. வருவது 1800. அந்த 15 சதுரடி எந்தக் காலத்திலும் மண்ணில் இருந்ததில்லை, தாளில் பிறந்தது.

ஆனால் "அப்படியானால்" என்றுதான் சொல்ல முடியும். நாலு பக்க நீளத்தை மட்டும் வைத்து ஒரு மனையின் பரப்பைச் சொல்லவே முடியாது. நாலு குச்சியைக் கட்டி ஒரு பக்கமாகத் தள்ளிப் பாருங்கள், நீளம் மாறாது, உள்ளே இருக்கும் இடம் குறைந்துகொண்டே வரும். மூலைக்கு மூலை அளந்தால்தான் வடிவம் நிற்கும். வடகிழக்கு மூலையிலிருந்து தென்மேற்கு மூலைக்கும், வடமேற்கிலிருந்து தென்கிழக்குக்கும் அளந்து போடுங்கள். துணி டேப் வேண்டாம், இழுக்க இழுக்க நீளும். 30 மீட்டர் இரும்பு டேப்பை இரண்டு பேர் பிடித்து, தொய்வு இல்லாமல் அளக்க வேண்டும்.

கெடிலக்கரை
தம்பியை அனுப்பி அளந்தாயிற்று. வடகிழக்கு–தென்மேற்கு 69 அடி 2½ அங்குலம். வடமேற்கு–தென்கிழக்கு 64 அடி 7½ அங்குலம்.

அளவுநாடா
நல்லது, இப்போது படம் தெளிந்துவிட்டது.

வடகிழக்கு–தென்மேற்குக் கோடு மனையை இரண்டு முக்கோணமாக வெட்டுகிறது. ஒன்றின் பக்கங்கள் 34½, 60, 69 அடி 2½ அங்குலம். இது மூலைமட்டத்துக்குச் சரியாக வருகிறது, அதாவது உங்கள் வடமேற்கு மூலை மட்டம். பரப்பு 34½-ஐ 60-ஆல் பெருக்கிப் பாதி, 1035. மற்ற முக்கோணத்தின் அடிப்பக்கம் 24. இன்னொரு மூலைவிட்டம் 64 அடி 7½ அங்குலம் என்பதால் தென்மேற்கு மூலையும் மட்டம் என்று தெரிகிறது. அதனால் இதற்கும் உயரம் 60, பரப்பு 720. இரண்டும் சேர்த்து 1755.

ஆகவே உங்களிடம் மூன்று அளவு இருக்கிறது. பத்திரம் சொல்வது 1815. பத்திரத்தின் பக்க நீளங்களை ஒழுங்காகக் கணக்கிட்டால் 1800. தரையில் இருப்பது 1755. முதல் 15 வெறும் கணக்குப் பிழை, அதற்காக யாரோடும் மல்லுக்கட்ட முடியாது. அடுத்த 45 அப்படி அல்ல. தெற்கு மூலையில் ஒன்றுமில்லை, வடக்கே ரோட்டோரம் போகப் போக 1½ அடி வரை சுவர் உள்ளே வந்திருக்கிறது. ஒன்றரை அடி அகல ஆப்பு, 60 அடி நீளம், பாதி 45. கச்சிதமாகப் பொருந்துகிறது.

அல்லது சுவர் சரியான இடத்தில் இருந்து, 2009-ல் 36 என்று எழுதியதே தவறாகவும் இருக்கலாம். டேப் இதைச் சொல்லாது, எல்லைக் கல்தான் சொல்லும். பட்டா தனியாக இருக்கிறதா, கூட்டா?

கெடிலக்கரை
கூட்டுப் பட்டாதான் சார். பழைய நிலக்காரர் பெயர், இன்னும் ஏழெட்டுப் பேர் பெயர், அதோடு அம்மா பெயரும். eservices.tn.gov.in-ல் புலப்படம் எடுத்துப் பார்த்தேன், பெரிய வயல் ஒன்று மட்டும் தெரிகிறது. எங்கள் மனையே அதில் இல்லை.

பத்திரம்63
இருக்காதும்மா. உட்பிரிவு ஆகவில்லை, அதான் காரணம். புலப்படம் காட்டுவது தாய்ப் புலத்தின் எல்லையை. உள்ளே மனை போட்டது தனியார், சர்க்கார் ஆவணத்துக்கு அது தெரியாது. இந்த நிலையில் சர்வேயரைக் கூப்பிட்டு "எங்கள் எல்லையைக் காட்டுங்கள்" என்றால் வயலின் நாலு கல்லைத்தான் அவரால் காட்ட முடியும். உங்கள் மனை எங்கே என்று கேட்டால் லேஅவுட் படத்தைக் கொண்டுவா என்பார்.

வரிசை இதுதான். உட்பிரிவுடன் பட்டா மாறுதலுக்கு மனுப் போடுங்கள். tamilnilam.tn.gov.in/citizen வழியாக நீங்களே போடலாம், இ-சேவை மையத்திலும் போடலாம். பத்திர நகல், மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, லேஅவுட் படம் கையில் இருக்கட்டும். சர்வேயர் வரும் நாளில் பக்கத்து வீட்டுக்காரரும் அங்கே இருக்க வேண்டும். அவர் இல்லாமல் அளந்தால் நாளைக்கு "எனக்குத் தெரியாது" என்பார். அளந்து முடித்தால் உங்கள் மனைக்கு உட்பிரிவு எண் விழும், புலப்படத்தில் கோடும் ஏறும்.

தனிப் பட்டா வந்ததும் பரப்பைச் சரிபார்க்கத் தெரிந்துகொள்ளுங்கள். ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும். 1800 சதுரடி என்றால் 0 - 01.67 என்று வரும். அதாவது 167 சதுர மீட்டர், அடியில் 1797 சொச்சம். இரண்டு மூன்று அடி இப்படிக் கரைவது மீட்டருக்கு முழுமையாக்குவதால், அதைப் பெரிதுபடுத்த வேண்டாம். 0 - 01.63 என்று வந்தால் சுவரை எல்லையாக எடுத்துக்கொண்டு 1755-க்கே அளந்துவிட்டார்கள் என்று அர்த்தம். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அதைக் கேளுங்கள்.

வில்லியனூர்வாசி
எங்கள் பக்கம் பிபிஏ அப்ரூவல், செட்டில்மென்ட் நகல் இரண்டும் இருந்தால் முடிந்தது. நீங்கள் நிலமகள் தளத்தில் பார்த்தீர்களா? எனக்கும் இதே போல ஒரு மனை, 3 குழி.

பத்திரம்63
ஐயா, அவருடைய மனை கடலூர் கூத்தப்பாக்கம், தமிழ்நாடு. நிலமகள் புதுச்சேரிக்கு. பிபிஏ-வும் இங்கே கிடையாது, டிடிசிபிதான்.

ஆனால் நீங்கள் குழி என்றது நல்லதாகப் போயிற்று. பாகூர், கிருமாம்பாக்கத்து ஆட்கள் ரெட்டிச்சாவடி தாண்டி இந்தப் பக்கம் மனை பார்க்க வருகிறார்கள். உங்கள் குழி 576 சதுரடி. இங்கே 144. உங்கள் 3 குழி 1728 அடி, அதே 3 குழி எங்களுக்கு 432 அடி, ஒரு சென்டுக்கும் கொஞ்சம் குறைவு. அதனால் எல்லைப் பகுதி விளம்பரத்தில் குழி என்று எழுதவே கூடாது. சதுரடியும் சதுர மீட்டரும் போதும்.

வில்லியனூர்வாசி
சரி, கூத்தப்பாக்கம் என்பதைக் கவனிக்கவில்லை. என் மனைக்குத் தனி இழை போடுகிறேன். ஒன்று மட்டும், வாங்குபவனாகச் சொல்கிறேன்: கோணல் மனை என்றால் படம் இல்லாமல் நான் போய்ப் பார்க்கவே மாட்டேன்.

அளவுநாடா
அது சரியான கோரிக்கை. விளம்பரத்தோடு ஒரு கைப்படம் போடுங்கள் மேடம். நாலு பக்கம், இரண்டு மூலைவிட்டம், வடக்கு அம்பு, ரோடு எந்தப் பக்கம், சுவர் எங்கே. அளவு நாடாவை ரோட்டோர மூலையில் பிடித்து அருகில் ஒரு புகைப்படமும் எடுங்கள். 1815 என்று எழுதிய பத்து விளம்பரத்தை விட இது அதிகம் பேசும்.

செம்மண்டலம் குமார்
அப்ரூவல் பத்தி யாரும் கேக்கலயே. பத்திரம் 2009. 2016 அக்டோபர் 20-க்கு முன்ன மனையா பதிவாகியிருந்தா மறுபடி பதிய தடை இல்ல. அப்ப "அப்ரூவ்டு மனை"ன்னே போடலாமே?

பத்திரம்63
தம்பி, முதல் பாதி சரி. பதிவுச் சட்டம் 22-அ பிரிவில் அந்த விலக்கு இருக்கிறது. ஏற்கெனவே வீட்டு மனையாகப் பதிவானதை மறுபடி பதியலாம். ஆனால் பத்திரம் பதிவாவது ஒன்று, வீடு கட்ட அனுமதி கிடைப்பது இன்னொன்று. மனை வரன்முறை ஆகாமல் கட்டட அனுமதிக்குப் போனால் அங்கே நிற்கும். வங்கியும் வரன்முறை ஆணையைத்தான் முதலில் கேட்கும். பதிவாகிவிட்டது என்று நம்பி வாங்கியவர்கள் வீட்டுக் கடன் கேட்கப் போகும்போதுதான் முழித்துக்கொள்கிறார்கள்.

கெடிலக்கரை அம்மா, உங்கள் கையில் என்ன தாள் இருக்கிறது? "டிடிசிபி அப்ரூவ்டு" என்று புரோக்கர் எழுதியிருந்தால் உடனே எடுக்கச் சொல்லுங்கள். மனை பிரிக்கும்போதே அனுமதி வாங்கியதைத்தான் அப்படிச் சொல்ல வேண்டும். 2017 விதிகளின்படி பின்னால் முறைப்படுத்தியது "வரன்முறைப்படுத்தப்பட்ட மனை".

கெடிலக்கரை
லேஅவுட் போட்டவரிடமிருந்து ஒரு நகல் வாங்கி வைத்திருக்கிறோம். மேலே மனைப்பிரிவுக்கு வரன்முறை என்று இருக்கிறது, பின்னால் முத்திரை போட்ட வரைபடம். அதில் எங்கள் மனை எண்ணும் இருக்கிறது. போதாதா?

பத்திரம்63
பாதிதான். அது மனைப்பிரிவின் கட்டமைப்புக்கு, அதாவது ரோடு, பூங்கா, மனைகள் என்று மொத்தப் படத்துக்குக் கிடைத்த ஒப்புதல். அதன் கீழ் ஒவ்வொரு மனைக்காரரும் தன் மனைக்குத் தனியாக விண்ணப்பித்து, வரன்முறைக் கட்டணமும் அபிவிருத்திக் கட்டணமும் கட்டி, உள்ளாட்சி அலுவலகத்திலிருந்து தனி ஆணை வாங்க வேண்டும். அம்மா பெயரும் மனை எண்ணும் போட்ட செயல்முறை ஆணை வேறு தாளாக இருக்கிறதா என்று பெட்டியில் தேடுங்கள். கட்டணம் கட்டிய ரசீது மட்டும் இருந்தால் அது ஆணை ஆகாது.

கெடிலக்கரை
தேடினேன். ரசீதும் இல்லை. அப்படியானால் தனி மனை வரன்முறை ஆகவே இல்லை போல.

அளவுநாடா
சங்கடப்படாதீர்கள், பெரிய வேலை முடிந்திருக்கிறது. மொத்த லேஅவுட்டும் முறைப்படாத இடத்தில் ஒரே ஒரு மனைக்கு ஆணை வாங்குவதுதான் கடினம். உங்களுக்கு tnlayoutreg.in-ல் இன்று விண்ணப்பம் எடுக்கிறார்களா என்று பாருங்கள், காலக்கெடு பலமுறை நீண்டிருக்கிறது. கட்டணம் சதுர மீட்டர் கணக்கு, உங்களுக்கு 167 மீட்டர் அளவில் வரும். உள்ளாட்சி அலுவலகத்தில் தொகையை எழுதி வாங்குங்கள்.

விற்பதற்கு முன் நீங்களே இதை முடிப்பது லாபம். ஆணை இல்லாத மனையை வாங்க வருபவர் முழுப் பணம் கையில் வைத்திருப்பவர் மட்டும். கடன் வாங்கி வருகிற கூட்டம் முழுவதும் கழிந்துவிடும். ஆட்கள் குறைந்தால் விலையும் குறையும், அது கட்டணத்தை விடப் பல மடங்கு.

இப்போது ரோடு. 24 அடி என்பது யார் சொன்னது? பத்திரமா, படமா, டேப்பா?

கெடிலக்கரை
பத்திரத்திலும் முத்திரை போட்ட படத்திலும் 24. மனைக்கு முன்னால் 23 அடி இருக்கிறது, மண் ரோடு. மெயின் ரோட்டிலிருந்து திரும்பும் இடத்தில் ஒரு வீட்டுப் படிக்கட்டு நீட்டிக்கொண்டிருக்கிறது, எதிரே மின்கம்பம். நடுவில் 15 அடிதான்.

அளவுநாடா
வாங்குபவருக்கு 15 அடிதான் ரோடு, ஏனென்றால் செங்கல் ஏற்றிய லாரி அங்கேதான் திரும்ப வேண்டும். அதனால் மனைக்கு முன்னால் மட்டும் அளந்து எழுதக் கூடாது. மூன்று இடத்தில் அளங்கள்: மெயின் ரோட்டில் திரும்பும் இடம், வழியில் மிகக் குறுகிய இடம், உங்கள் மனை வாசல். மூன்றையும் எழுதுங்கள்.

இரண்டாவது, அந்த ரோடு யாருடையது? லேஅவுட் போட்டவர் ரோட்டையும் பூங்காவையும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். tnreginet.gov.in-ல் லேஅவுட்டின் சர்வே எண்ணுக்கு வில்லங்கம் போட்டுப் பாருங்கள், தானப் பத்திரம் அதில் வரும். எழுதிக் கொடுத்திருந்தால் அது பொது ரோடு. அந்தப் படிக்கட்டு ஆக்கிரமிப்பு, மனுக் கொடுத்தால் எடுக்கச் சொல்லும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. எழுதிக் கொடுக்காவிட்டால் நில உரிமை இன்னும் பழைய ஆள் பெயரில் இருக்கிறது. பத்திரத்தில் "வழிநடைப் பாத்தியம்" எழுதப்பட்டிருக்கிறதா என்று வரிக்கு வரி படிக்க வேண்டும்.

பத்திரம்63
சேர்த்துச் சொல்கிறேன். வடக்கே "ரோடு" என்று எல்லை எழுதியிருப்பதும் அந்த ரோட்டில் போகும் உரிமை எழுதியிருப்பதும் ஒன்றல்ல. எல்லை, மனை எங்கே முடிகிறது என்று மட்டும் சொல்லும்.

வெள்ளிக்கடற்கரை
குறுக்கே கேட்கிறேன், எனக்கு உண்ணாமலை செட்டிச் சாவடி பக்கம் ஒரு மனை பேசுகிறார்கள். ரோட்டுக்கும் மனைக்கும் நடுவில் நாலடி வாய்க்கால். மேலே கருங்கல் பலகை போட்டு வழி. ரோடு 30 அடி என்கிறார்கள். இது ரோடு உள்ள மனையா?

அளவுநாடா
அ-பதிவேட்டில் அந்த வாய்க்கால் எண்ணைப் பாருங்கள். சர்க்கார் புறம்போக்கு வாய்க்கால் என்று இருந்தால் உங்கள் மனையின் எல்லை வாய்க்கால், ரோடு அல்ல. பலகை போட்டது வழியாகாது. நிரந்தரப் பாலம் போட அந்த வாய்க்கால் எந்தத் துறையிடம் இருக்கிறதோ அங்கே அனுமதி வேண்டும். கட்டட அனுமதியிலும் இதே கேள்வி வரும். அந்த அனுமதி விற்பவர் பேரில் வந்த பிறகு பேசுங்கள், அதுவரை 30 அடி ரோட்டுக்கான விலையைக் கொடுக்காதீர்கள்.

மூலைமட்டம்
விலைக்கு வருவோம். 36 அடி முகப்பு, பின்னால் 24. முன் அகன்று பின் குறுகினால் சிம்மமுகம் என்பார்கள். வீட்டுக்கு வேண்டாம் என்று விலகும் ஆட்கள் இங்கே நிறைய. கடைக்கு நல்லது என்பார்கள், ஆனால் உள்தெருவில் கடை எங்கே வரும்? என் கணக்கில் நேர் மனை விலையில் 10 சதவீதம் தள்ளுபடி.

அளவுநாடா
சதவீதமாகத் தள்ளினால் எதற்குத் தள்ளினோம் என்று வாங்குபவருக்குக் காட்ட முடியாது. நான் போடும் முறை வேறு. மனைக்குள் அடங்கும் பெரிய செவ்வகத்தைப் பிரித்து எடுங்கள். உங்களுக்கு அது 24-க்கு 60, அதாவது 1440 சதுரடி. அது நேர் மனைதான், முழு விலை 1500. வருவது 21,60,000.

மிஞ்சியது கிழக்கே ஆப்பு, ரோட்டோரம் 10½ அடி, பின்னால் ஒன்றுமில்லை, 315 சதுரடி. முன்பாதியில் கார் நிற்கும், மாடிப்படி வரும். பின்பாதியில் துணி காயப் போடலாம், அவ்வளவுதான். இதற்கு முழு விலை கேட்க முடியாது, சும்மாவும் விட முடியாது. 60 சதவீதம், அதாவது 900 வைத்தால் 2,83,500. கூட்டினால் 24,43,500. சதுரடிக்குச் சராசரி 1392.

புரோக்கர் சொன்னபடி 1815-ஐ 1500-ஆல் பெருக்கினால் 27,22,500. இரண்டு லட்சத்து எழுபத்தொன்பதாயிரம் வித்தியாசம். அந்த விலையில் போட்டால் போன் வரும், அளந்த பிறகு ஆள் வரமாட்டார்.

மூலைமட்டம்
செவ்வகக் கணக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் 60 சதவீதம் என்பதும் கை மதிப்புதானே? ரோட்டோர அகலம் 34 அடி கிடைப்பது சிறிய விஷயம் அல்ல. கார் நிறுத்த இடம் தேடுபவனுக்கு அந்த ஆப்பு 80 சதவீதம் பெறும்.

அளவுநாடா
கை மதிப்புதான், மறுக்கவில்லை. 80 வைத்தால் 94,500 கூடும். அந்த ஆப்பில் என்ன வரும் என்று ஒரு பென்சில் படம் போட்டுக் காட்ட முடிந்தால் 80 கேளுங்கள். காட்ட முடியாவிட்டால் 60-க்கு மேல் நிற்காது. இதில் நீங்கள் சொல்வதும் நடக்கலாம்.

ஒன்றை மறக்காதீர்கள். 1500 என்பது நேர் மனைக்கு, ஆணை கையில், ரோடு சரியாக இருக்கும் மனைக்குக் கிடைத்த விலை என்றால்தான் இந்தக் கணக்கு. பக்கத்துத் தெரு மனைக்கு வரன்முறை ஆணை இருந்ததா, நுழைவு எத்தனை அடி என்று விசாரியுங்கள். "போனதாகச் சொல்கிறார்கள்" என்பது விலை ஆகாது. அரசு வழிகாட்டி மதிப்பையும் சந்தை விலையாக எடுக்காதீர்கள், அது முத்திரைத் தீர்வைக்கு அடிமட்டம். வாங்குபவர் அதிலும் விலையிலும் எது கூடுதலோ அதற்கு 7 சதவீதம் தீர்வை, 2 சதவீதம் பதிவுக் கட்டணம் கட்ட வேண்டும். 24,43,500-க்கு அது ஏறத்தாழ 2,20,000. அவர் மனதில் மொத்தக் கணக்கு 26.6 லட்சம் என்றுதான் ஓடும்.

செம்மண்டலம் குமார்
அந்த 45 அடிய பக்கத்து வீட்டுக்காரருக்கே எழுதிக் குடுத்துட்டா பிரச்சினை தீந்துது. காசும் வரும்.

பத்திரம்63
கேட்கச் சுலபம். படத்தில் ஒரே மனையாக உள்ளதிலிருந்து ஒரு துண்டைப் பிரித்து எழுதினால் மனை அளவு படத்தோடு பொருந்தாமல் போகும். சார்பதிவாளர் என்ன சொல்வார் என்று முன்கூட்டிக் கேட்காமல் இறங்க வேண்டாம்.

நான் சொல்லும் வழி: கிரயப் பத்திரத்தில் பழைய பக்க அளவுகளையே எழுதி முழுவதையும் விற்றுவிடுங்கள். "நாளது தேதியில் கைவசம் அளவீட்டின்படி 1755 சதுரடி, கீழ்புறம் சுவரால் வித்தியாசம் உள்ளதை வாங்குபவர் அறிவார்" என்று ஒரு வரி. பணம் 1755-க்கு. அப்போது 45 அடி மேல் இருக்கும் பாத்தியம் வாங்குபவருக்குப் போகும். 1755-ஐ மட்டும் விற்றால் அந்தத் துண்டு உங்கள் அம்மா பெயரில் தொங்கும், பத்து வருடம் கழித்து வாரிசுகளைத் தேடுவார்கள். அந்த வரியின் வாசகத்தை வக்கீலிடம் காட்டிவிடுங்கள்.

மூலைமட்டம்
தரைமட்டம் யாரும் கேட்கவில்லை. ரோட்டிலிருந்து மனை எவ்வளவு பள்ளம்? 2015-ல் கடலூரில் மழை அடித்த அடி எல்லோருக்கும் நினைவிருக்கும், முதல் கேள்வியே "தண்ணி நின்னுச்சா"தான். 2 அடி நிரப்ப வேண்டும் என்றால் 1755 இடத்துக்கு 3510 கன அடி, 35 யூனிட். அமுங்குவதற்குச் சேர்த்தால் 42 யூனிட். அந்தச் செலவை வாங்குபவர் விலையில் கழித்துக் கேட்பார்.

கெடிலக்கரை
சுமார் ஒன்றரை அடி பள்ளம். அதையும் எழுதுகிறேன். விளம்பரத்தை இப்படி எழுதியிருக்கிறேன், பாருங்கள்:

"கடலூர், கூத்தப்பாக்கம் அருகே வடக்குப் பார்த்த காலி மனை. வடபுறம் 34½ அடி, தென்புறம் 24, மேல்புறம் 60, கீழ்புறம் 60 அடி 11 அங்குலம். தரையில் அளந்த பரப்பு 1755 சதுரடி, 163 சதுர மீட்டர். பத்திரத்தில் 1815. வித்தியாசத்தின் காரணம் படத்தில் உள்ளது. கிழக்கே பக்கத்து வீட்டுச் சுவர், எல்லை அளவீடு நடக்கிறது. மனைப்பிரிவு வரன்முறையானது. தனி மனை ஆணைக்கு விண்ணப்பிக்கப்படுகிறது. ரோடு படத்தில் 24 அடி, மனை முன் 23, நுழைவில் 15. மண் ரோடு. மனை ரோட்டை விட ஒன்றரை அடி பள்ளம். கேட்கும் விலை 25 லட்சம்."

அளவுநாடா
நன்றாக இருக்கிறது. "எல்லை அளவீடு நடக்கிறது" என்பதை மனுவின் எண் கிடைத்த பிறகு போடுங்கள். விண்ணப்ப வரியும் அப்படியே. விலையை ஆணை வந்த பிறகு அச்சிடுங்கள், இப்போது போட்டால் மற்றவர் முதல் பேச்சிலேயே அதை உடைப்பார்.

கெடிலக்கரை
பட்டா மனுப் போட்டாயிற்று. தம்பி வடகிழக்கு மூலையில் சுவருக்கு அடியில் மண்ணைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்தான். ஒரு கருங்கல் முனை தெரிகிறது, மேலே குறுக்குக் கோடு வெட்டியிருக்கிறது. சுவரின் உள்பக்கத்திலிருந்து ஒரு அடிக்கு மேல் கிழக்கே. அதை முழுவதும் தோண்டிப் பார்க்கட்டுமா?

அளவுநாடா
வேண்டவே வேண்டாம். விலக்கிய மண்ணை அப்படியே மூடச் சொல்லுங்கள். கல்லைப் பெயர்த்ததாகப் பெயர் வந்தால் அது உங்கள் சாட்சியாக நிற்காது. மூடுவதற்கு முன் சுவர், கல், டேப் மூன்றும் தெரிய ஒரு படம் எடுத்து வையுங்கள். லேஅவுட் போட்டவர்கள் நட்ட கல்லா, சர்வே கல்லா என்று சர்வேயர் வந்து பார்க்கட்டும். பக்கத்து வீட்டுக்காரரிடம் இப்போதே போய்ச் சொல்லிவிடுங்கள், அளக்கும் அன்று அவர் முதல் முறையாக அதைப் பார்க்கக் கூடாது.

மூலைமட்டம்
அது லேஅவுட்காரர் கல்லாக இருந்தால்? அவர்களே கோணலாக நட்டிருக்கலாமே.

அளவுநாடா
இருக்கலாம். அதனால்தான் வடமேற்கு மூலையிலும் கல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், தோண்டாமல். இரண்டு கல்லுக்கும் இடையே 36 அடி வந்தால் சுவர்தான் தள்ளி வந்திருக்கிறது.